ஒரு வாக்கியம், எட்டு நொடி, மூணு கார்டு: தமிழ் சப்டைட்டில் வரிய உடைச்ச கதை

மன்னார் வளைகுடா பவளப்பாறைகள பத்தி நண்பர் ஒருத்தர் எடுத்த 34 நிமிஷ டாக்குமெண்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போட்டேன். படத்துல பேசற கடல் ஆய்வாளரம்மா முழுக்க இங்கிலீஷ்லதான் பேசறாங்க. படம் போகப்போறது ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊருங்களுக்கு, வேட்டித்துணி மாதிரி ஒரு திரை கட்டி ப்ரொஜக்டர்ல காட்டறது, அப்புறம் அதே படம் வாட்ஸப்ல மொபைல் மொபைலா சுத்தும். அதனால படிக்கறவங்க யாருன்னு எனக்கு முதல்லயே தெரியும். வேகமா படிச்சுப் பழகின ஆளுங்க இல்ல, அதே சமயம் கடலப் பத்தி என்னவிட பல மடங்கு தெரிஞ்சவங்க. அவங்களுக்கு ஒரு வரி தப்பா போனா அது சின்ன விஷயம் கிடையாது.

படம் முழுக்க எழுதாம ஒரே ஒரு வாக்கியத்த மட்டும் இங்க எடுத்துக்கறேன், ஏன்னா நான் செஞ்ச எல்லா தப்பும் அந்த ஒரு வாக்கியத்துலயே இருக்கு. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு. அத பத்தி அந்தம்மா கேமராவ பாத்து சொல்றாங்க, அந்த ரெண்டையும் நாம இழந்தது கடல் ஏறினதால இல்ல, சுத்தி இருந்த பவளத்த சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கா வெட்டி எடுத்ததால, அதுக்கப்புறம் அலையத் தடுக்க எதுவும் மிச்சமில்லன்னு. மொத்தம் 8.4 நொடி. நான் முதல்ல எழுதின தமிழ் இது:

கடல் மட்டம் உயர்ந்ததால இந்த ரெண்டு தீவும் மூழ்கல, சுத்தி இருந்த பவளப்பாறைகளை சுண்ணாம்புக்காகப் பல வருஷமா வெட்டி எடுத்ததால அலையைத் தடுக்க எதுவும் இல்லாம போய் மூழ்கிருச்சு.

அர்த்தம் சரி, இலக்கணமும் சரி. ஆனா திரையில இத அப்படியே போட முடியாது, ஒரு நேரத்துல திரையில வந்து மறையற துண்டத்தான் கார்டுன்னு சொல்றேன், எத்தனை கார்டா உடைக்கணும், எங்க உடைக்கணும்ங்கறதுதான் வேலை.

முதல் தடவ நான் சப்டைட்டில் டூல நம்பினேன். ஒரு வரிக்கு 42 எழுத்துன்னு செட் பண்ணி தானா உடைக்கற பட்டன அழுத்தினேன். 42ங்கறது இங்கிலீஷ் சப்டைட்டிலுக்கு எல்லாரும் வச்சுக்கற எண்ணு, நானும் அத அப்படியே எடுத்துக்கிட்டேன். வந்தது இது:

கடல் மட்டம் உயர்ந்ததால இந்த ரெண்டு தீவும்
மூழ்கல, சுத்தி இருந்த பவளப்பாறைகளை

சுண்ணாம்புக்காகப் பல வருஷமா வெட்டி
எடுத்ததால அலையைத் தடுக்க எதுவும் இல்லாம

போய் மூழ்கிருச்சு.

வாய்விட்டு படிச்சுப் பாருங்க. ‘வெட்டி’ ஒரு வரியில நிக்குது, ‘எடுத்ததால’ அடுத்த வரிக்குப் போயிருச்சு. ‘இல்லாம’ ஒரு கார்டுல, ‘போய்’ அடுத்த கார்டுல. கடைசி கார்டுல வெறும் ‘போய் மூழ்கிருச்சு’, யாரு போனா எங்க போனாங்கற மாதிரி. இது போதாதுன்னு மொபைல்ல எழுத்த பெருசா வச்சு ஓட்டினா முதல் வரி அகலத்த தாண்டி, ப்ளேயர் அதுவா மடிச்சு ‘தீவும்’ங்கற ஒரே சொல்ல தனி வரியாக்கி, ரெண்டு வரி கார்டு மூணு வரியா ஆயிருச்சு. இந்த ஒத்தச் சொல் தனியா தொங்கறதுதான் அடையாளம், எந்த சப்டைட்டில்ல அத பாத்தாலும் வரிய உடைச்சது ஆள் இல்ல, ப்ளேயர்னு புரிஞ்சுக்கலாம்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, டூல் எண்ணறது நாம எழுத்துன்னு சொல்றத இல்ல. ‘டு’ நமக்கு ஒரு எழுத்து, யூனிகோட்ல அது ‘ட’ ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு, ஆக ரெண்டு. ‘ல்’ கூட ரெண்டுதான், புள்ளிக்கு தனி இடம். மேல இருக்கற முழு வாக்கியத்த எண்ணினா, இடைவெளியும் சேத்து, யூனிகோட் கணக்குல 170, நம்ம எழுத்துக் கணக்குல 112. முதல் வரி யூனிகோட்ல 41, அதனால 42க்குள்ள அடங்கிருச்சுன்னு டூல் விட்டுருச்சு, எழுத்தா எண்ணினா 28. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல நிலையான விகிதம் எதுவும் கிடையாது, புள்ளி வச்ச எழுத்தும் உயிர்மெய்யும் எவ்வளவு வருதோ அதப் பொறுத்து மாறும், அதனால 42அ 28ஆ மாத்தி வச்சா போதும்னு குறுக்குவழியும் இல்ல.

நம்ம எழுத்தா எண்ணணும்னா பைதான்ல `regex`ங்கற மாட்யூல் வேணும், சாதாரண `len` யூனிகோட் கணக்கத்தான் குடுக்கும்.

```python
import regex
def ezhuthu(s):
    return len(regex.findall(r"\X", s))
```

‘க்ஷ’வ மட்டும் இது ரெண்டா எண்ணும், ‘க்’ தனி ‘ஷ’ தனி. சப்டைட்டிலுக்கு அதனால ஒண்ணும் குறையாது, நான் அப்படியே விட்டுட்டேன்.

சரி, எழுத்த எண்ணியாச்சு, அகலம் சரியாயிருமான்னா அதுவும் இல்ல. ‘கடலரசி’ அஞ்சு எழுத்து, ‘தொலைநோக்கு’ம் அஞ்சு எழுத்து. ஆனா ‘தொ’வுல மட்டும் கொம்பு, த, கால்னு மூணு உருவம் பக்கத்து பக்கத்துல நிக்குது, ‘லை’ல ரெண்டு, ‘நோ’வுல மறுபடி மூணு. மொத்தமா பாத்தா ஒண்ணுல அஞ்சு உருவம், இன்னொண்ணுல பத்து. எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் நீளம் வேற. அதனால எண்ணறது படிக்கற வேகத்துக்கு, அளக்கறது அகலத்துக்கு, ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாதுங்கறதுதான் நான் எடுத்த முதல் முடிவு.

அகலத்த ஃபான்ட வச்சே அளந்தேன். திரை 1920 பிக்ஸல், அதுல ஓரத்துக்கு விட்டது போக 70 சதவீதம், அதாவது 1344க்குள்ள ஒரு வரி அடங்கணும்னு வச்சுக்கிட்டேன். டிவிக்கு இது கொஞ்சம் இறுக்கம்தான், ஆனா மொபைல்ல எழுத்த பெருசாக்கிப் பாக்கறவங்களுக்கு அந்த இடம் வேணும்.

```python
from PIL import ImageFont
f = ImageFont.truetype("NotoSansTamil-Regular.ttf", 64,
        layout_engine=ImageFont.Layout.RAQM)
for l in open("lines.txt", encoding="utf-8"):
    w = f.getlength(l.strip())
    if w > 1344:
        print(round(w), l.strip())
```

இதுல `RAQM` கட்டாயம் வேணும். அது இல்லாத சாதாரண முறையில ‘கெ’வுக்கு கொம்ப முன்னாடி நகத்தாது, ‘டி’ ‘கு’ மாதிரி சேந்து ஒரே உருவமா மாறற எழுத்துங்கள மாத்தாம தனித்தனியா வச்சு அளக்கும், வர்ற எண்ணு பொய். ஒரு வரிய படமா வரைஞ்சு கண்ணால பாத்துட்டீங்கன்னா உடனே தெரிஞ்சுரும், கொம்பு எழுத்துக்குப் பின்னாடி நின்னா அளவ நம்பாதீங்க.

இன்னொரு இடத்துலயும் ஏமாந்தேன். ப்ரொஜக்டர் காப்பிக்கு எஃப்எஃப்எம்பெக் வச்சு வீடியோலயே எழுத்த பதிச்சேன், அதுல எஸ்ஆர்டி சப்டைட்டில் ஃபைல குடுத்தா திரைய 288 உயரம்னு நினைச்சுக்கிட்டுதான் எழுத்து சைஸ கணக்குப் போடும், அதோட அந்த சைஸ் எழுத்தோட உடம்ப மட்டும் இல்லாம ஃபான்ட்ல மேலயும் கீழயும் விட்டிருக்கற உயரத்தையும் சேத்துத்தான் எடுத்துக்கும். நம்ம ஃபான்டுங்கள்ல அந்த உயரம் அதிகம். அதனால பைதான்ல 64னு அளந்தது அங்க எந்த எண்ணுன்னு நேரா கணக்குப் போட்டா பொருந்தல. கடைசியில நான் செஞ்சது எளிய வழி, அளந்ததுல ரொம்ப அகலமா வந்த பத்து வரிய மட்டும் ஒரு சின்ன க்ளிப்புல பதிச்சுப் பாத்து, அது அடங்கற சைஸ வச்சுக்கிட்டேன். இப்படி அளந்து அளந்து கைக்கு வந்த பழக்கம் என்னன்னா, வரி 24 எழுத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் அடங்கிரும், அத தாண்டினா அளக்காம விடறதில்ல.

இப்ப வேகம். 112 எழுத்து, 8.4 நொடி, ஆக நொடிக்கு 13.3. இது அதிகமா கம்மியா? டூல்ல நொடிக்கு 21னு வரம்பு வச்சிருந்தேன், அது யூனிகோட் கணக்குல 170அ 8.4ஆல வகுத்து 20 சொச்சம்னு காட்டி பச்சையிலயே விட்டுருச்சு. இங்கிலீஷ் டிவில ரொம்ப நாளா ஒரு கணக்கு உண்டு, ரெண்டு முழு வரி இருந்தா ஆறு நொடி நிக்கணும்னு, அந்தக் கணக்குல வரி 42அ விட சின்னது, அதனால நொடிக்கு ஏறக்குறைய 12 எழுத்து வரும். ஆனா அந்த 12 வேற, நம்ம 12 வேற. நம்ம ‘கா’வுல மெய்யும் உயிரும் சேந்தே இருக்கு, ஒரு எழுத்துக்குள்ள அடங்கற ஒலி ஜாஸ்தி, அதனால அந்த எண்ண தமிழ்ல போட்டா கண்ணுக்கு வேலை கூடத்தான் இருக்கும்.

அதனால ஆள வச்சே பாத்தேன். என் சின்னம்மாவுக்கு 60 வயசு, தினத்தந்தி தினமும் படிப்பாங்க, ஆனா சப்டைட்டில் படிச்சுப் பழக்கமில்ல. கூட ஏழாவது படிக்கற பக்கத்து வீட்டுப் பையன், அப்புறம் போட் இன்ஜின் மெக்கானிக் ஒரு அண்ணன். மூணு பேர்த்தான், இத வச்சு ஊருக்கே சட்டம் போட முடியாது, ஆனா என் படத்துக்கு இவங்கதான் ஆளு. சத்தத்த அணைச்சுட்டு ஒரு கார்டு ஓட்டுவேன், அது மறைஞ்சதும் நிறுத்தி என்ன சொன்னாங்கன்னு கேப்பேன். நொடிக்கு 15 எழுத்துல சின்னம்மா முதல் வரிய மட்டும் சொன்னாங்க. 13ல சொல்லிட்டாங்க, ஆனா படத்துல என்ன தெரிஞ்சதுன்னு கேட்டா தெரியல. 12க்கு கீழ வந்தப்பதான் வரியும் சொன்னாங்க, அந்தம்மா கையில வச்சிருந்த பவளத்துண்டையும் சொன்னாங்க. பையன் 14லயும் சமாளிச்சான். நான் 12அ மேல் வரம்பா வச்சுக்கிட்டேன். ‘படிக்க முடிஞ்சுதா’ன்னு கேக்கறதவிட ‘படத்துல என்ன பாத்தீங்க’ன்னு கேக்கறது நல்ல சோதனை, கண்ணு கீழயே மாட்டிக்கிச்சான்னு அதுலதான் தெரியும்.

ரெண்டாவது தடவ நானே கையால உடைச்சேன். இந்தத் தடவ அந்தம்மாவோட மூச்ச வச்சு. அவங்க ‘இந்த ரெண்டு தீவ நாம இழக்கல’ன்னு வர்ற வரைக்கும் பேசி, கேமராவ பாத்து ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் காரணத்த சொல்றாங்க. அந்த நிறுத்தத்துலயே கார்ட மாத்தினா உதட்டோட ஒட்டிப் போகும்னு நினைச்சு, முதல் கார்டு ‘கடல் மட்டம் உயர்ந்ததால / இந்த ரெண்டு தீவும்’, அடுத்த கார்டு ‘மூழ்கல’ன்னு ஆரம்பம். அகலம் அடங்குது, சொல்லுங்களும் பிரியாம ஜோடி ஜோடியா இருக்கு.

சின்னம்மா முதல் கார்ட படிச்சுட்டு தலைய ஆட்டி, “ஆமாப்பா, கடல் ஏறித்தான போச்சு”ன்னாங்க. அடுத்த கார்டு வந்துச்சு, ‘மூழ்கல’ங்கற சொல் அதுல முதல் சொல்லா இருக்கு, அவங்க கண்ணு அத தாண்டி பவளப்பாறைக்குப் போயிருச்சு. படம் முடிஞ்சு கேட்டப்ப ரெண்டு காரணத்தையும் சேத்து சொன்னாங்க, கடலும் ஏறிச்சாம், பவளத்தையும் வெட்டினாங்களாம்னு. அந்தம்மா மறுத்து சொன்னத நான் ஆமான்னு சொன்ன மாதிரி ஆக்கிட்டேன், அதுவும் எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்லாம.

இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தின இடம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். இங்கிலீஷ்ல மறுப்பு வாக்கியத்தோட தொடக்கத்துலயே வந்துரும், காரணம் பின்னால வரும். தமிழ்ல வினை கடைசியில, மறுப்பு அந்த வினையோட வாலுல, ‘மூழ்கிச்சு’க்கும் ‘மூழ்கல’க்கும் வித்தியாசம் கடைசி எழுத்துங்கள்ல இருக்கு. பேச்சுல இது பிரச்சனை இல்ல, குரலோட ஏத்த இறக்கம் முன்னாடியே சொல்லிரும். கார்டுல குரல் இல்ல. கார்டு மாறும்போது படிக்கறவர் மனசுல ஒரு கதவு சாத்தற மாதிரி, அதுவரைக்கும் படிச்சத ஒரு முடிஞ்ச சேதியா எடுத்து வச்சுக்கறார். வினை வர்றதுக்கு முன்னாடி கார்ட மாத்தினா அவரே ஒரு வினைய போட்டு முடிச்சுக்கறார், அது பெரும்பாலும் ஆமாங்கற வினைதான். ஒரே கார்டுக்குள்ள மேல் வரியில இருந்து கீழ் வரிக்குப் போறதுல இந்த ஆபத்து இல்ல, ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கு. கார்டு எல்லைதான் ஆபத்து.

அதனால நீளமான தமிழ் வாக்கியத்த வெட்டக் கூடாது, பிரிச்சு எழுதணும். ஒவ்வொரு கார்டும் தன் வினைய தானே வச்சிருக்கணும், மறுப்பு இருந்தா மறுப்போட. இத முடிவு பண்ணதும் அந்த வாக்கியம் மூணா பிரிஞ்சுது. தீவு மூழ்கினதுக்கு கடல் காரணம் இல்ல, ஒண்ணு. பவளத்த வெட்டி எடுத்துட்டாங்க, ரெண்டு. அலையத் தடுக்க எதுவும் மிஞ்சல, மூணு. ‘எடுத்ததால… இல்லாம போய்… மூழ்கிருச்சு’ன்னு கோத்திருந்த சங்கிலி போயிருச்சு, ஆனா காரணத் தொடர்பு போகல, மூணையும் அடுத்தடுத்து படிச்சா நாமளே கோத்துக்கறோம். ‘மூழ்கிருச்சு’ன்னு கடைசியில ரெண்டாவது தடவ சொல்லவே தேவையில்லாம போச்சு, அதுலயே எழுத்து மிச்சம்.

இப்ப எழுத்துக் கணக்கு. 8.4 நொடியில கார்டுக்கு கார்டு நடுவுல ரெண்டு ஃப்ரேம் காலி விடணும், இல்லன்னா கார்டு மாறினதே கண்ணுக்குத் தெரியாது. 25 ஃப்ரேம் படத்துல ரெண்டு ஃப்ரேம்னா 0.08 நொடி, ரெண்டு எல்லைக்கு 0.16. மிச்சம் 8.24 நொடி, நொடிக்கு 12னு வச்சா அதிகபட்சம் 98 எழுத்து. இடைவெளியும் நிறுத்தக்குறியும் இதுல அடக்கம்.

முதல் கார்டு எளிது. ரெண்டாவது கார்டுலதான் மல்லுக்கட்டு. ‘சுத்தி இருந்த பவளப்பாறைய பல வருஷமா சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்துட்டாங்க’ன்னு எழுதினா 3.1 நொடிக்குள்ள 45 எழுத்து, நொடிக்கு பதினாலரை. எதையாவது விட்டாகணும். முதல்ல ‘பல வருஷமா’வ எடுத்தேன், அப்புறம் மனசு கேக்கல, ஒரு நாள்ல நடந்த காரியம் மாதிரி ஆயிருது, அந்தம்மா அழுத்தி சொன்ன சொல்லும் அதுதான். படத்த மறுபடி ஓட்டிப் பாத்தேன். சரியா இந்த கார்டு ஆரம்பிக்கற இடத்துல அவங்க முகத்துல இருந்து பழைய வரைபடத்துக்கு கட் ஆகுது, தீவ சுத்தி பவளத்திட்டு வளையமா வரைஞ்சிருக்கு. ‘சுத்தி இருந்த’ங்கறத படமே சொல்லிருது. அத எடுத்துட்டு ‘பல வருஷமா’வ வச்சேன், 36 எழுத்து. எத விடறதுன்னு தெரியாம நிக்கும்போது எழுத்தப் பாக்காம படத்தப் பாக்கணும், படத்துல தெரியறதுதான் முதல்ல விட வேண்டியது.

கடைசியா நின்னது இது:

```
212
00:18:04,200 --> 00:18:07,600
இந்த ரெண்டு தீவும் மூழ்கினதுக்கு
கடல் உயர்ந்தது காரணம் இல்ல.

213
00:18:07,680 --> 00:18:10,780
பல வருஷமா பவளப்பாறைய
சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்துட்டாங்க.

214
00:18:10,860 --> 00:18:12,600
அலையைத் தடுக்க எதுவுமே மிஞ்சல.
```

முதல் கார்டு 39 எழுத்து 3.4 நொடி, ரெண்டாவது 36 எழுத்து 3.1 நொடி, மூணாவது 20 எழுத்து 1.74 நொடி. மூணுமே நொடிக்கு பதினொண்ணரைய ஒட்டித்தான் இருக்கு. இது முக்கியம், ஒரு கார்டு 8, அடுத்தது 15னு இருந்தா சராசரி அழகா வரும், ஆனா படிக்கறவருக்கு ஒண்ணுல சும்மா காத்திருந்து அடுத்ததுல மூச்சு வாங்கும். வரியில அதிகமா இருக்கறது 21 எழுத்து, அளந்தும் பாத்தேன், அடங்குது.

முதல் கார்டுலயும் ‘இல்ல’ கடைசியிலதான வருதுன்னு கேக்கலாம். வருது, ஆனா மேல் வரி ‘மூழ்கினதுக்கு’ன்னு நிக்குது, அது கேள்வி மாதிரி, இன்னும் எதையும் ஒத்துக்கல. கடலும் மறுப்பும் ஒரே வரியில ஒண்ணா வந்துருது. பழைய வடிவத்துல ‘கடல் மட்டம் உயர்ந்ததால’ங்கறது தனியா முன்னாடி வந்து காரணத்த ஒத்துக்கிட்ட மாதிரி உக்காந்திருந்துச்சு.

வரிக்குள்ள எங்க உடைக்கறதுங்கறதுக்கு எனக்கு காதுதான் அளவுகோல். ‘வந்தா’, ‘போனதால’, ‘பாத்துட்டு’, ‘மூழ்கினதுக்கு’, ‘சொன்னாங்கன்னு’ இந்த மாதிரி முடிவுகளுக்குப் பின்னாடி பேசும்போதே லேசா ஒரு நிறுத்தம் இருக்கு, அங்க வரி உடையலாம். ‘ரெண்டு’க்கும் ‘தீவு’க்கும் நடுவுல, ‘இருந்த’க்கும் ‘பவளப்பாறை’க்கும் நடுவுல, ‘வெட்டி’க்கும் ‘எடுத்த’க்கும் நடுவுல யாரும் மூச்சு விடறதில்ல, அங்க உடையக் கூடாது. மேல் வரி கீழ் வரிய விட சின்னதா ஆனாலும் பரவால்ல, ரெண்டும் சம நீளமா இருக்கணும்னு சொல்ல பிரிக்கறது எனக்கு பிடிக்காத பழக்கம்.

பிரிச்சு எழுதும்போது சத்தமில்லாம ஒரு பிழை உள்ள வரும், ஒற்று. முதல் வடிவத்துல ‘சுண்ணாம்புக்காகப் பல வருஷமா வெட்டி’ன்னு இருந்துச்சு, ‘பல’வுக்காக வந்த ‘ப்’ அது. நடுவுல ‘பல வருஷமா’வ எடுத்தப்ப ‘சுண்ணாம்புக்காகப் வெட்டி’ன்னு நின்னுருச்சு, நானும் ரெண்டு நாள் கவனிக்கல. அதே மாதிரி ‘அலையைத்’துக்கு அப்புறம் வரி உடைஞ்சா அந்த ‘த்’ வரி ஓரத்துல தொங்கும், கண்ணு அங்க இடறும். பொதுவாவே ஒற்று மிகுந்த இடம்னா அந்த ரெண்டு சொல்லும் ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், அங்க உடைக்காம இருக்கறதே நல்லது. வரி ஓரத்துல தொங்கறத தேட இது போதும்:

```
grep -nP "[கசதப]்\r?$" ta.srt
```

அந்த `\r?` இல்லன்னா விண்டோஸ்ல சேமிச்ச ஃபைல்ல ஒண்ணுமே சிக்காது, பிழையே இல்லன்னு நினைச்சுக்குவோம். ‘பேங்க்’, ‘மார்ச்’ மாதிரி சொல்லுங்களும் இதுல வந்து விழும், அத கண்ணால தள்ளிரலாம். வரி நடுவுல மாட்டின ‘சுண்ணாம்புக்காகப் வெட்டி’ய இது பிடிக்காது, அதுக்கு வாய்விட்டு படிக்கறத தவிர எனக்கு வேற வழி தெரியல.

இதவிட மோசமான ஒண்ண ஒரு தடவ வேற ஒருத்தர் அனுப்பின ஃபைல்ல பாத்தேன். இத்தனாவது இடத்துல வெட்டுன்னு ஒரு ஸ்க்ரிப்ட் போட்டிருந்தாங்க, அது யூனிகோட் கணக்குல எண்ணி எழுத்து நடுவுலயே வெட்டிருச்சு. அடுத்த வரி புள்ளி வட்டத்தோட ஆரம்பிக்குது, அந்த வட்டத்துல ஒரு காலோ கொம்போ மாட்டிட்டு நிக்குது. வரி முதல்ல அந்த புள்ளி வட்டம் தெரிஞ்சா வேற எதையும் தேட வேணாம், வெட்டினது இடைவெளியில இல்ல.

எல்லா இடத்துலயும் இப்படி பிரிச்சு எழுதி தப்பிக்க முடியல. இதுக்கு அடுத்த கார்டுலயே அந்தம்மா தீவுங்களோட பேர 3.2 நொடியில சொல்லிட்டுப் போறாங்க:

தூத்துக்குடி குழுவில விலாங்குச்சல்லி,
கீழக்கரை குழுவில பூவரசன்பட்டி.

41 எழுத்து, நொடிக்கு 12.8. இதுல விடறதுக்கு எதுவும் இல்ல, பேரு பேருதான், இடம் இடம்தான். இங்க நேரத்தத்தான் நீட்டினேன். அவங்க பேசி முடிச்சதும் அலை சத்தம் மட்டும் ஓடற ஒரு சின்ன இடம் இருந்துச்சு, அதுல 0.3 நொடி எடுத்து 3.5 ஆக்கினேன், 11.7க்கு வந்துருச்சு. பேச்சு முடிஞ்சு கார்டு அரை நொடி வரைக்கும் நின்னா யாருக்கும் உறுத்தறதில்ல, ஆனா அடுத்த ஷாட்டுக்குள்ள தாவிரக் கூடாது, தாவினா புது சேதின்னு நினைச்சு மறுபடி முதல்ல இருந்து படிப்பாங்க, என் சின்னம்மா அப்படித்தான் படிச்சாங்க. அப்படி நீட்ட இடமே இல்லாம ஷாட் ஷாட்டா வெட்டி ஓடற இடம் படத்துல நாலஞ்சு இருந்துச்சு, அதுல 13 வரைக்கும் போக விட்டேன், சொன்னது எல்லாம் அந்த ஊர்க்காரங்களுக்கு தெரிஞ்ச மீன் பேரும் ஊர் பேரும்ங்கற தைரியத்துல. பழகின பேர எழுத்துக் கூட்டி படிக்கறதில்ல, பாத்ததும் தெரிஞ்சுரும். அதே வேகத்துல ஒரு வேதிப்பொருள் பேரு வந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் மொத்த ஃபைலையும் திறந்து ஒவ்வொரு கார்டோட கடைசி சொல்ல மட்டும் வரிசையா படிச்சேன். வினை இல்லாம முடியற கார்டுங்கள எல்லாம் குறிச்சுக்கிட்டு, அதுக்கு அடுத்த கார்டுல ‘இல்ல’, ‘மாட்டாங்க’, ‘கூடாது’, ‘முடியாது’ இல்லன்னா ‘ல’ன்னு முடியற மறுப்பு வினை இருக்கான்னு பாத்தேன். நானூத்துச் சொச்சம் கார்டுல ஒம்பது இடம் சிக்குச்சு, ஒம்பதும் அகலத்துலயும் வேகத்துலயும் எந்தக் குறையும் இல்லாம டூல்ல பச்சையா இருந்த கார்டுங்க. அதுல ஒண்ணு, தடை செஞ்ச வலைய பயன்படுத்தக் கூடாதுன்னு மீனவர் ஒருத்தர் சொல்ற இடம், ‘பயன்படுத்த’ ஒரு கார்டு, ‘கூடாது’ அடுத்த கார்டு. அந்த ஒம்பதையும் திரும்ப எழுதினேன்.

மறுபடி சின்னம்மாவ உக்கார வச்சு 18ஆவது நிமிஷத்துல இருந்து ஓட்டினேன், இந்தத் தடவையும் சத்தம் இல்லாம. மூணாவது கார்டு மறைஞ்சதும் நான் நிறுத்தறதுக்கு முன்னாடியே அவங்களே சொன்னாங்க, “கடல் மேல பழி போடாதன்னு சொல்லுது அந்தப் பொண்ணு, வெட்டினது நம்மதானாம்.”